திரைச்சீலையில் ஓர் இரத்தக் கறை: டி.என்.ஏ. பொருத்தம் பார்ப்பது எப்படி?

1999-இல் இங்கிலாந்தின் போல்டன் நகரில் நடந்த ஒரு வீட்டுத் திருட்டில் கிடைத்த டி.என்.ஏ., சுமார் 320 கிலோமீட்டர் தொலைவில் ஸ்விண்டனில் வசித்த ஒருவருடையதோடு, டி.என்.ஏ. இழையில் சோதித்த ஆறு இடங்களிலும் பொருந்தியது. தற்செயலாக இப்படிப் பொருந்த 3.7 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றது ஆய்வக அறிக்கை. அவரைக் கைதும் செய்தார்கள். அவரோ பார்க்கின்சன் நோய் முற்றி, நடக்கவே சிரமப்படுபவர். பிறகு பத்து இடங்களில் சோதித்தபோது கூடுதல் இடங்களில் எண்கள் ஒத்துப்போகவில்லை, டி.என்.ஏ. அவருடையதல்ல என்று ஆனது.

ஆய்வகத்தில் யாரும் தவறு செய்யவில்லை. ஆறு இடங்களும் உண்மையாகவே பொருந்தின. அப்படியானால் "பொருந்தியது" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? அதற்கு விடை காண, ஒரு கறை ஆய்வகத்துக்குள் நுழைந்து ஓர் எண்ணாக வெளியே வரும்வரை கூடவே போய்ப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்வோம். ஜன்னல் கண்ணாடியை உடைத்து ஒரு வீட்டில் திருட்டு. திரைச்சீலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு இரத்தக் கறை. இரண்டு நாள் கழித்து, உள்ளங்கையில் வெட்டுக்காயத்தோடு ஒருவர் பிடிபடுகிறார்.

எதை ஒப்பிடுகிறார்கள்?

1984-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்தது எக்ஸ்-ரே படலத்தில் பார்கோடு போலத் தெரியும் கோடுகள். "டி.என்.ஏ. கைரேகை" என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இன்று எந்தத் தடய அறிவியல் ஆய்வகத்திலும் அந்தக் கோடுகளைப் பார்க்க முடியாது. பெயர் ஒட்டிக்கொண்டது, முறை மாறிவிட்டது.

இப்போது பார்ப்பது எஸ்.டி.ஆர். எனப்படும் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை. 11-ஆம் குரோமோசோமில் TH01 என்றொரு இடம் இருக்கிறது. அங்கே AATG என்ற நான்கு எழுத்துகள் வரிசையாகத் திரும்ப வருகின்றன. சிலருக்கு ஆறு முறை, சிலருக்கு எட்டு, சிலருக்கு ஒன்பது. அம்மாவிடமிருந்து ஓர் எண், அப்பாவிடமிருந்து ஓர் எண் என்று ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள். TH01-இல் 9.3 என்றும் ஓர் எண் வரும். அது தசம எண் அல்ல. ஒன்பது முழுத் துண்டுகளும் ஒரு துண்டில் மூன்று எழுத்துகளும் இருக்கின்றன என்று பொருள்.

இப்படிப் பல இடங்களின் எண் ஜோடிகளை வரிசையாக எழுதினால் அதுதான் ஒருவரின் டி.என்.ஏ. விவரம். அமெரிக்காவின் தேசியத் தரவுத்தளம் 1998-இல் 13 இடங்களோடு தொடங்கி, 2017 முதல் 20 இடங்களைக் கேட்கிறது. இந்த எண்களை வைத்து ஒருவரின் முகத்தையோ குணத்தையோ சொல்லிவிட முடியாது.

கறையை எடுப்பதும் அனுப்புவதும்

திரைச்சீலையிலுள்ள கறையைத் துணியோடு வெட்டி எடுப்பார்கள். கண்ணாடியில் இருந்தால், கிருமிநீக்கிய நீரில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுக்க வேண்டும். நீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பக்கத்திலேயே கறை படாத துணியிலிருந்தும் ஒரு துண்டு எடுக்க வேண்டும். கறை விழும் முன்பே அந்தத் துணியில் யாருடைய டி.என்.ஏ. இருந்தது என்பதை அதுதான் காட்டும். இந்த இரண்டாவது துண்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எடுத்ததை நிழலில் காயவைத்து, காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகி, அவற்றின் நொதிகள் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இதற்குப் பல நாள் தேவையில்லை.

கையுறை மாற்றாததால் வரும் கலப்படம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பஞ்சுக்குச்சியே ஏமாற்றும் என்பதை ஜெர்மனி கற்றது 2009-இல். ஹைல்பிரோன் நகரில் 2007-இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட வழக்கு உட்பட சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் தேடிய பிறகு தெரிந்தது, அது பஞ்சுக்குச்சிகளை உறையிலிட்ட தொழிலாளி ஒருவருடையது என்று. குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவைதான். கிருமியைக் கொல்வதும் டி.என்.ஏ.வை அகற்றுவதும் வேறு வேறு. அதன் பிறகே, டி.என்.ஏ. கலப்படம் இல்லாத தடயப் பொருள்களைத் தயாரிப்பதற்கென ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரநிலை வந்தது.

ஒப்பிட, பிடிபட்டவரிடமிருந்து ஒரு மாதிரி வேண்டும். காவல்துறையின் வேண்டுகோளின் பேரில் பதிவுபெற்ற மருத்துவர் இரத்தமோ கன்னத்தின் உட்புறத் துடைப்போ எடுப்பார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆம் பிரிவு. இந்த மாதிரியும் திரைச்சீலைத் துண்டும் ஒரே பெட்டியில் பயணிக்கக் கூடாது. ஆய்வகத்திலும் கறையை முதலில், ஆளின் மாதிரியைப் பிறகு, வேறு நாளிலோ வேறு அறையிலோ கையாள வேண்டும். ஆளின் இரத்தத்தில் டி.என்.ஏ. ஏராளம், கறையில் சொற்பம். ஒரு சிறு தெறிப்பு போதும், பொருத்தம் "உண்டாக".

இங்கே விட்ட பிழையை எந்த இயந்திரமும் பின்னர் சரிசெய்யாது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில், மரண தண்டனை பெற்றிருந்தவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகள் கையாளப்பட்ட விதத்திலிருந்த கோளாறுகள் தீர்ப்பில் முக்கிய இடம்பெற்றன. நாடு முழுமைக்குமான நெறிமுறைகளும் அதிலேயே வந்தன. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் முத்திரையைத் திறக்கவோ மறுபடி வைக்கவோ கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காட்டும் பதிவேடு, வழக்கு முடியும்வரை இருக்க வேண்டும்.

கறையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பது

முதலில், அது இரத்தமா என்று பார்ப்பார்கள். ஃபீனால்ப்தலின் கரைசலை விட்டு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் சில நொடிகளில் இளஞ்சிவப்பாக மாறும். இது இரத்தமாக இருக்கலாம் என்பதற்கான குறிப்பு மட்டுமே. சில காய்கறிகளின் நொதிகளும் அதே நிறத்தைத் தரும்.

பிறகு சில மில்லிமீட்டர் அளவுத் துணியை வெட்டி, சோப்புத்தன்மையுள்ள கரைசலிலும் புரோட்டினேஸ்-கே என்ற நொதியிலும் போட்டு 56 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். செல் உடைகிறது, புரதங்கள் செரிக்கப்படுகின்றன. சிலிக்கா பூசிய காந்த மணிகள் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ள, மீதியெல்லாம் கழுவப்படுகிறது. கூடவே எந்த மாதிரியும் போடாத ஒரு வெற்றுக் குழாயும் எல்லாப் படிகளையும் கடந்து வரும். கடைசியில் அந்தக் குழாயில் எண்கள் தெரிந்தால், அந்தச் சுற்றில் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது.

பாலியல் வன்முறை வழக்குகளில் இந்தப் படி கொஞ்சம் மாறும். விந்தணுவின் தலை கந்தகப் பிணைப்புகளால் இறுகியது. மேற்சொன்ன கரைசலுக்கு எளிதில் உடையாது. அதனால் முதலில் பெண்ணின் செல்களை மட்டும் உடைத்து வடித்துவிட்டு, பிறகு டி.டி.டி. என்ற வேதிப்பொருள் சேர்த்து விந்தணுக்களை உடைப்பார்கள். இரண்டு பேரின் டி.என்.ஏ. இரண்டு குழாய்களில் பெருமளவு பிரிந்து நிற்கும்.

எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது

ஒரு மனிதச் செல்லில் சுமார் 6.6 பிக்கோகிராம் டி.என்.ஏ. உண்டு. நகலெடுக்க வசதியான அளவு அரை முதல் ஒரு நானோகிராம். ஒரு நானோகிராம் என்றால் ஏறக்குறைய 150 செல்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்திலேயே 20 முதல் 40 நானோகிராம் கிடைக்கும் என்பதால் நம் திரைச்சீலைக் கறைக்குக் குறைவில்லை. ஆனால் கதவுக் கைப்பிடியைத் தொட்ட தடத்தில் பத்து இருபது செல்கள்தான் இருந்தால் கதை வேறு.

அளவைச் சோதனை இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லும். சிறிய துண்டும் பெரிய துண்டும் தனித்தனியே எவ்வளவு கிடைக்கின்றன என்று ஒப்பிட்டால், டி.என்.ஏ. சிதைந்திருக்கிறதா என்று தெரியும். சிதைந்திருந்தால் பெரிய துண்டுகள் முதலில் காணாமல் போகும். இன்னொன்று, நகலெடுப்பதைத் தடுக்கும் பொருள் கலந்திருக்கிறதா என்பது. ஜீன்ஸ் துணியின் நீலச் சாயம், மண்ணின் ஹியூமிக் அமிலம், இரத்தத்தின் ஹீம் மூன்றுமே இந்த வேலையைச் செய்யும். இதைக் கவனிக்காமல் "டி.என்.ஏ. இல்லை" என்று எழுதிவிட்டால், இருந்த சான்று இல்லாமல் போகும். கழுவியோ நீர்த்தோ மறுபடி முயல வேண்டும்.

நகலெடுப்பது

பி.சி.ஆர். இயந்திரம் குழாயைச் சூடாக்கி இழைகளைப் பிரித்து, குளிர்வித்து, புதிய இழைகளை வளர்க்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அளவு இரட்டிப்பாகும். வழக்கமாக 28 முதல் 30 சுழற்சிகள். கணக்குப்படி 28 சுழற்சியில் ஒரு துண்டு 26 கோடிக்கும் மேலாகும். ஒவ்வோர் இடத்தின் நகலிலும் குறிப்பிட்ட நிறத்தில் ஒளிரும் சாயம் ஒட்டியிருக்கும். இருபதுக்கும் மேற்பட்ட இடங்களை ஒரே குழாயில் நகலெடுத்துவிட்டு, பிறகு நிறத்தாலும் நீளத்தாலும் பிரித்தறிய முடிவது அதனால்தான்.

செல்கள் மிகக் குறைவாக இருக்கும்போது இங்கேதான் சிக்கல் வரும். முதல் சில சுழற்சிகளில் இரண்டு எண்களில் ஒன்று தற்செயலாகப் பின்தங்கிவிட்டால் கடைசிவரை எழாது. உண்மையில் 15-உம் 17-உம் உள்ளவர் 15 மட்டும் உள்ளவர்போலத் தெரிவார். சுழற்சிகளைக் கூட்டினால் இந்தக் கோளாறும் கூடவே பெரிதாகும்.

வரைபடத்தைப் படிப்பது

நகல்களை முடிபோன்ற நுண்குழாய் வழியே மின்விசையால் ஓடவிடுகிறார்கள். சிறிய துண்டு முதலில் வந்து சேரும், பெரியது பின்னால். லேசர் படும்போது சாயம் ஒளிர, திரையில் ஒரு முகடு எழும். எண்கள் தெரிந்த துண்டுகளின் கலவை ஒன்று பக்கத்திலேயே ஓடும். அதனோடு ஒப்பிட்டு மென்பொருள் ஒவ்வொரு முகட்டுக்கும் 15, 17 என்று எண் இடும். மென்பொருள் இட்ட எண்ணை அப்படியே ஏற்பதல்ல நிபுணரின் வேலை. முகடா, போலியா என்று தீர்ப்பதே.

அடிக்கடி வரும் போலி, ஸ்டட்டர். நகலெடுக்கும் நொதி சில சமயம் ஒரு துண்டைத் தவறவிட்டு, 17-ஐ 16-ஆக எழுதிவிடும். அதனால் உண்மையான முகட்டுக்கு ஒரு படி முன்னால் குட்டி முகடு ஒன்று நிற்கும். பெரும்பாலும் அது உண்மையான முகட்டின் உயரத்தில் 15 சதவீதத்தைத் தாண்டாது. ஒரே ஆளின் கறையில் இது தொல்லையில்லை. இருவர் கலந்த கறையில், குறைவாகப் பங்களித்தவரின் உண்மையான 16-உம் இதே உயரத்தில் இருக்கலாம். அப்போது அது யாருடையது என்று அடித்துச் சொல்லக் கூடாது.

ஒரே ஆள்தானா என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். எந்த இடத்திலும் இரண்டுக்கு மேல் முகடுகள் இருக்கக் கூடாது. ஓர் இடத்தின் இரண்டு முகடுகளும் ஏறக்குறைய சம உயரத்தில் இருக்க வேண்டும். சிறியது பெரியதில் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். பல இடங்களில் மூன்று நான்கு முகடுகள் தெரிந்தால் அது கலவை. கலவையை வெறும் கண்ணால் பிரிக்கும் காலம் போய்விட்டது. இப்போது முகடு உயரங்களையும் வைத்துக் கணக்கிடும் STRmix போன்ற மென்பொருள்கள் நீதிமன்றம்வரை வருகின்றன.

ஆண், பெண் அறிய அமெலோஜெனின் என்ற இடம் உண்டு. எக்ஸ் மட்டும் தெரிந்தால் பெண், எக்ஸ்-ஒய் தெரிந்தால் ஆண். ஒய் குரோமோசோமின் அந்தப் பகுதி இல்லாமலே பிறக்கும் ஆண்கள் சிலர் இந்தியாவில் இருக்கிறார்கள். அவர்களின் கறை பெண்ணுடையதுபோலத் தெரியும். ஒய் குரோமோசோமின் வேறோர் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வலையில் விழாமல் இருக்கலாம்.

ஒப்பிடுவது

கறையின் எண்களை முழுவதும் எழுதி முடித்த பிறகே பிடிபட்டவரின் எண்களைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால், தெளிவில்லாத முகட்டை அவருக்கு ஏற்றபடி படிக்கும் ஆசை நிபுணரையும் அறியாமல் வந்துவிடும்.

நம் வழக்கின் மூன்று இடங்கள் இவை:

| இடம் | திரைச்சீலை | பிடிபட்டவர் |
|---|---|---|
| D3S1358 | 15, 17 | 15, 17 |
| TH01 | 6, 9.3 | 6, 9.3 |
| vWA | 16, 16 | 16, 16 |

முழுமையான, ஒரே ஆளின் கறையில் ஓர் இடத்தில்கூட உண்மையான வேறுபாடு இருந்தால் அவர் இல்லை என்பதுதான் முடிவு. இருபதில் பத்தொன்பது பொருந்தியது என்பதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது. ஆனால் vWA-இல் 16 என்ற ஒற்றை முகடு உண்மையிலேயே 16, 16-ஆ, அல்லது கூட்டாளி முகடு விழாமல் போனதா? முகடு போதுமான உயரத்தில் இருந்தால் முதலாவது என்று ஏற்கலாம். தாழ்வாக இருந்தால் "16, தெரியவில்லை" என்று எழுதி, கணக்கிலும் அப்படியே நடத்த வேண்டும்.

எவ்வளவு அரிது என்று கணக்கிடுவது

பொருத்தம் கிடைத்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அந்த எண்கள் மக்களிடையே எவ்வளவு பரவலாக உள்ளன என்று தெரியாமல் பொருத்தத்துக்கு எடை கிடையாது. கணக்கைக் காட்டுவதற்காக, 15-உம் 17-உம் முறையே 0.28, 0.22 என்றும், 6-உம் 9.3-உம் 0.23, 0.30 என்றும், 16 என்பது 0.22 என்றும் வைத்துக்கொள்வோம். உண்மை வழக்கில் அந்த மக்கள்தொகைக்கான ஆய்வு அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். இரண்டு எண்களும் வேறு என்றால், எது அம்மாவிடமிருந்து, எது அப்பாவிடமிருந்து என்று இரண்டு வழிகளில் அமையலாம் என்பதால் இரண்டால் பெருக்குகிறோம்.

```
D3S1358:  2 × 0.28 × 0.22 = 0.1232
TH01:     2 × 0.23 × 0.30 = 0.138
vWA:      0.22² + 0.22 × 0.78 × 0.01 = 0.0501
மூன்றும்:  0.1232 × 0.138 × 0.0501 = 0.00085
```

அதாவது சுமார் 1,170 பேரில் ஒருவர். 70 லட்சம் பேர் உள்ள நகரத்தில் கிட்டத்தட்ட 6,000 பேருக்கு இதே மூன்று ஜோடிகள் இருக்கும். இதே அளவு அரிதான இன்னும் மூன்று இடங்களைச் சேர்த்தால் சுமார் 14 லட்சத்தில் ஒருவர். அந்த நகரில் இன்னும் ஐந்து பேர். இடங்களைக் கூட்டக் கூட்ட எண் வேகமாகக் கரைவது இந்தப் பெருக்கலால்தான்.

மூன்றாவது வரியில் வரும் 0.01 எதற்கு? மக்கள் எல்லோரும் கலந்து மணந்துகொள்வதில்லை. ஒரே குழுவுக்குள் மணக்கும்போது ஒரே எண் இருபுறமிருந்தும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்கான திருத்தம் அது. சிறிய, தனித்த குழுக்களுக்கு 0.03 எடுப்பார்கள். நம் ஊரில் அத்தை மகன், மாமன் மகள் திருமணமும் தாய்மாமன் திருமணமும் புதிதல்ல. தாய்மாமனை மணந்தவரின் பிள்ளைக்கு 16, 16 அமையும் வாய்ப்பு மேற்கண்ட 0.05 அல்ல, ஏறக்குறைய 0.07. ஓர் இடத்தில் சிறு மாற்றம்தான். ஆனால் பொதுவான அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

உடன்பிறந்தவர்கள் என்றால் கணக்கு அடியோடு மாறும். D3S1358-இல் அண்ணனும் தம்பியும் ஒரே ஜோடியைப் பெறும் வாய்ப்பு சுமார் 0.4. மூன்று இடங்களிலும் பொருந்த ஏறக்குறைய பதினாறில் ஒன்று. "நானில்லை, என் தம்பி" என்று ஒருவர் சொன்னால், பொது மக்களுக்கான பெரிய எண்ணைக் காட்டி அதை மறுக்க முடியாது. தம்பியின் மாதிரியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருகரு இரட்டையர்களை இந்த முறையால் பிரிக்கவே முடியாது.

இப்போது போல்டனுக்குத் திரும்புவோம். அன்று பிரிட்டனின் தரவுத்தளத்தில் சுமார் 7 லட்சம் பேர். 7 லட்சத்தை 3.7 கோடியால் வகுத்தால் 0.019. அதாவது, உண்மையான குற்றவாளி தரவுத்தளத்தில் இல்லாத ஐம்பது சொச்சம் கறைகளைத் தேடினாலே, அவற்றில் ஒன்று யாரோ ஓர் அப்பாவியோடு பொருந்தும் என்று எதிர்பார்க்கலாம். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கறைகளைத் தேடும் இடத்தில் அப்படியொன்று நடந்ததில் வியப்பில்லை. சந்தேகத்துக்குரிய ஒருவரை முன்பே பிடித்து ஒப்பிடுவதும், தரவுத்தளத்தைச் சல்லடையாகச் சலித்து ஒருவரை எடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில், கூடுதல் இடங்களைச் சோதித்த பிறகே கைது பற்றிப் பேச வேண்டும்.

அறிக்கை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

சரியான வாசகம் இப்படி இருக்கும்: "கறை இவருடையது அல்ல, இவருக்கு உறவில்லாத வேறொருவருடையது என்றால், இந்த எண்கள் கிடைக்க இத்தனையில் ஒரு வாய்ப்பு." இதை "இவர் குற்றமற்றவராக இருக்க இத்தனையில் ஒரு வாய்ப்பு" என்று திருப்பினால் பொருள் முற்றிலும் வேறாகிவிடும். 1,170-இல் ஒன்று என்பதை அப்படித் திருப்பினால் 99.9 சதவீதம் அவர்தான் என்று தோன்றும். அதே நகரில் அதே எண்களோடு 6,000 பேர் இருக்கிறார்கள் என்பது மறைந்துவிடும். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

அடுத்தது, டி.என்.ஏ. எப்படி அங்கே வந்தது என்ற கேள்வி. 2012-இல் கலிபோர்னியாவில் கொலையுண்ட ஒருவரின் நகக்கண்ணில் கிடைத்த டி.என்.ஏ. வேறொருவருடையதோடு பொருந்தியது. கொலை நடந்த நேரத்தில் அவர் மதுபோதையில் மருத்துவமனையில் கிடந்தார். அன்று மாலை அவரைத் தூக்கிச் சென்ற அதே மருத்துவ உதவியாளர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போனவர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வழியே செல்கள் மாறியிருக்கலாம் என்று கருதப்பட்டது. மருத்துவமனைப் பதிவு கிடைப்பதற்குள் அந்த மனிதர் சுமார் ஐந்து மாதம் சிறையில் இருந்துவிட்டார்.

நம் திரைச்சீலையில் இந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு. தொட்டதால் ஒட்டும் சில செல்கள் போலல்லாமல், நாணயம் அளவு இரத்தம் யாரோ ஒருவர் கையில் ஒட்டிக்கொண்டு வந்து சேராது. ஃபீனால்ப்தலின் சோதனையும் பக்கத்துத் துண்டில் எதுவும் கிடைக்காததும் அதற்குத் துணை. ஆனால் பிடிபட்டவர் அந்த வீட்டுக்கு முந்தைய வாரம் கண்ணாடி மாட்ட வந்த தச்சராக இருந்தால், இருபது இடங்களும் பொருந்தினாலும் கறை விழுந்த தேதியை இந்த வரைபடம் சொல்லாது.